42 நிமிட அறிமுகம், 38 நிமிடப் பேச்சு: வேலூர் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மாடி அரங்கில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை கூடுகிறோம். வாசகர் வட்டம்தான். வருகிறவர்கள் ஐம்பது, அறுபது பேர். பாதிப் பேர் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் குடியாத்தம், ஆரணி, ஒடுகத்தூர் பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர்கள். ஏழே கால் ஆனதும் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், ஏழே முக்காலுக்கு அரங்கைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் கூட்டத்துக்கு நேரம் என்று இருப்பது அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நிரல் போடுவது என் பொறுப்பு. எங்கள் நிரல் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் அச்சடிக்கிற நிரல்தான்: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, சிறப்புரை, கேள்வி நேரம், நன்றியுரை, நாட்டுப்பண். இதில் தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடியில் பாட வேண்டும் என்று அரசாணையே இருக்கிறது, நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. நடுவில் இருக்கிற மற்ற எதற்கும் யாரும் அளவு வைத்ததில்லை, நானும் வைக்கவில்லை. சிறப்புரைக்கு மட்டும் "45 நிமிடம்" என்று பேச்சாளரிடம் சொல்லுவேன்.

அந்த ஜூலையில் 1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றிய பேச்சு. ஜூலை 10 எங்கள் ஊருக்கு முக்கியமான நாள், கோட்டை எதிரில்தான் வளர்ந்தோம். பேச வந்தவர் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வெளியூர்க்காரர், காட்பாடியில் ரயிலிறங்கி வந்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல மாதம் உட்கார்ந்து அந்தக் காலத்துக் கடிதங்களை நகலெடுத்து வைத்திருந்தார். அவரை அறிமுகப்படுத்த எங்கள் வட்டத்தின் மூத்த தமிழாசிரியர் ஒருவரைக் கேட்டுக்கொண்டோம். நன்றாகப் பேசுவார், ஊரில் அவரிடம் படித்தவர்கள் நிறைய. "எவ்வளவு நேரம்?" என்று அவர் கேட்டார். "உங்களுக்குத் தெரியாததா ஐயா, சுருக்கமா இருந்தா போதும்" என்றேன். இந்தப் பதிலிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்று நடந்தது

ஐந்தரைக்குத் தொடங்கி, ஆறு மணிக்குப் பேச்சாளர் எழுந்து, ஆறே முக்காலுக்கு முடித்து, அரை மணி நேரம் கேள்வி என்பது திட்டம். தொடங்கியது 5:50. வரவேற்புரை 11 நிமிடம், தலைமையுரை 14, அறிமுகம் 17, பொன்னாடையும் நினைவுப் பரிசும் புகைப்படமும் சேர்ந்து 6. பேச்சாளர் மைக் முன்னால் வந்து நின்றபோது மணி 6:39.

அவர் கையில் இருந்தது நீளத் தாள்களில் கையால் எழுதிய குறிப்பு. மேசையில் வைத்து முதல் தாளைப் பார்த்தார், அதை எடுத்துக் கடைசியில் செருகினார். இரண்டாம் தாளையும் அப்படியே செய்தார். ஆறாவது தாள் வரை இது நடந்தது, அரங்கம் அமைதியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஏழாவது தாளிலிருந்து பேசத் தொடங்கினார். கூட்டம் முடிந்து கீழே டீ குடிக்கும்போது, குறையாகச் சொல்லாமல் விவரமாகத்தான் சொன்னார்: "என் ஆரம்பத்தை ஐயா பேசிட்டாங்க. அதையே நான் மறுபடி சொன்னா அவருக்கும் நல்லா இருக்காது, எனக்கும் நல்லா இருக்காது."

அவர் திட்டமிட்டிருந்த ஆரம்பம் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு கிளம்பி வேலூர்க் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்த அந்தக் காலை. அங்கிருந்து பின்னோக்கிப் போய், புது மாதிரித் தலைப்பாகை அணியச் சொன்ன ஆணைக்கு எதிராகச் சிப்பாய்கள் முன்பே காட்டிய எதிர்ப்பைச் சொல்லி, அப்புறம் முன்னோக்கி வந்து, விசாரணையையும், கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டதையும் கடிதங்களை வைத்துக் காட்டுவது அவர் எண்ணம். எங்களுக்குக் கிடைத்தது நடுப்பகுதி மட்டும். 7:05க்கு விசாரணைப் பகுதியைத் தொட்டார், அப்போதே பின்வரிசை எழ ஆரம்பித்தது. 7:17க்கு அவராகவே முடித்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். கேள்வி நேரம் இல்லை. 38 நிமிடப் பேச்சு.

பதிவைக் கேட்டபோது தெரிந்தது

ஒரு நண்பர் கைப்பேசியில் முழுக் கூட்டத்தையும் பதிவு செய்திருந்தார். மறுநாள் உட்கார்ந்து நிமிடம் நிமிடமாகக் குறித்தேன். அன்று எல்லோரும் தமிழாசிரியரைத்தான் குறை சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. பதிவு வேறு மாதிரி சொன்னது.

முதல் விஷயம், அறிமுகம் என்பது அந்த 17 நிமிடம் மட்டும் கிடையாது. வரவேற்றவரும் பேச்சாளரை அறிமுகப்படுத்தினார், தலைமை தாங்கியவரும் அறிமுகப்படுத்தினார். பேச்சாளரின் பட்டங்களும் பணிபுரிந்த ஊர்களும் நூல்களும் மூன்று முறை சொல்லப்பட்டன, அது மட்டும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம். "தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர்களே, சான்றோர்களே, தாய்மார்களே" என்று மூன்று பேரும் தனித்தனியே விளித்தது ஐந்தே முக்கால் நிமிடம். எங்கள் வட்டத்தின் வரலாறு எட்டு நிமிடம். புரட்சியைப் பற்றியே மூன்று பேரும் சேர்ந்து பதின்மூன்று நிமிடம். மீதி, நன்றியும் மழை வராததும். கேட்கிறவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் 42 நிமிட அறிமுகத்துக்கு 38 நிமிடப் பேச்சு. தமிழாசிரியரை மட்டும் அளந்திருந்தால் பாதிக்கு மேல் கணக்கில் வராமல் போயிருக்கும்.

இரண்டாவது விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தமிழாசிரியரின் அறிமுகத்தில் இரண்டு இடத்தில் கைதட்டல் கேட்கிறது, குதிரைப்படை வந்து சேரும் இடத்தில் நல்ல பலமான கைதட்டல். அறிமுகத்தில் கதைக்குக் கைதட்டல் விழுந்தால் அறிமுகம் பேச்சாகிவிட்டது என்று அர்த்தம். பேச்சாளர் முக்கால் மணி நேரத்தில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய உணர்ச்சி அங்கேயே செலவாகிவிட்டது. அதிலும், சொல்லப்பட்டது எல்லாம் வேலூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தது. அரங்கத்துக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் எந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது. அதை மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

அடுத்த வியாழக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து பேசினோம், தமிழாசிரியரும் இருந்தார். பதிவில் குறித்ததை அவரிடம் காட்டினேன். அமைதியாகப் படித்துவிட்டு, "எனக்கு நிமிஷம் சொல்லியிருந்தா அதுக்குள்ள நிறுத்தியிருப்பேன் தம்பி" என்றார். அது உண்மை. அவரால் முடியும்.

அறிமுகமே வேண்டாம், பேச்சாளர் நேராக வந்து பேசட்டும் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியூரிலிருந்து வருகிறவரை இன்னார் என்று நாலு வார்த்தை சொல்லாமல் மேடையில் நிறுத்துவது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அதோடு, தன்னுடைய தகுதியைத் தானே சொல்லிக்கொள்ள நல்ல பேச்சாளர் கூச்சப்படுவார், சொல்லாமல் விட்டால் அரங்கம் அவர் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வேலைக்கு இன்னொருவர் வாய் வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஐந்து நிமிடம் என்றார் இன்னொருவர். எங்கள் கூட்டத்தில் சில மாதம் 12 நிமிட மாணவர் பேச்சு இருக்கும், சில மாதம் ஒன்றரை மணி நேர உரை இருக்கும். 12 நிமிடத்துக்கு முன்னால் ஐந்து நிமிட அறிமுகம் என்பது தலையை விடத் தலைப்பாகை பெரிதான மாதிரி. கடைசியில் பத்தில் ஒரு பங்கு என்று வந்து நின்றோம். 45 நிமிடப் பேச்சுக்கு நாலரை நிமிடம். ஒன்றரை மணிக்கு ஒன்பது நிமிடம் ஆகிறதே என்றபோது, நாலு நிமிடத்துக்கு மேல் எந்த அறிமுகமும் கிடையாது என்று உச்சவரம்பும் வைத்தோம். நீளமாகப் பேசப்போகிறவருக்குத் தன் தளத்தைத் தானே போட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது, அவருக்கு நீள அறிமுகம் தேவையே இல்லை.

இத்தோடு இன்னும் சில மாற்றங்கள். பேச்சுக்கு முன்னால் மேடையில் நடக்கிற எல்லாம் சேர்ந்து பேச்சு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வந்திருப்பவர்களை விளிப்பது வரவேற்பவர் மட்டும், அடுத்து வருகிறவர்கள் "அவையோர்க்கு வணக்கம்" என்று தொடங்கிவிட வேண்டும். தலைமையுரையைப் பேச்சுக்குப் பின்னால் தள்ளினோம். இதற்குத் தலைமை தாங்குகிற பெரியவர்கள் மனவருத்தப்படுவார்களோ என்று பயந்தேன். நடந்தது நேர்மாறு: பேச்சைக் கேட்டபிறகு அதைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசுவது அவர்களுக்குப் பிடித்துப்போனது. முன்னால் பேசும்போது அவர்களுக்குப் பேச விஷயம் இல்லாததால்தான் வட்டத்தின் வரலாறும் பேச்சாளரின் பட்டங்களும் வந்திருக்கின்றன. பொன்னாடையும் கடைசிக்குப் போனது.

நேரத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரு வழி வேண்டும். "நாலு நிமிடம்" என்று சொன்னால் யாருக்கும் கையில் பிடிபடாது, மேடையில் நிமிடம் ஓடுவது தெரியாது. எழுதி வாசிக்கச் சொன்னோம். தமிழாசிரியரே தன் மேடை வேகத்தில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார், நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வந்தது. நம் சொற்கள் நீளம், மேடையில் நிறுத்தி வேறு சொல்லுவோம். அப்படியானால் நாலு நிமிடத்துக்கு 360 சொல். மைக் சரிசெய்வது, எழுதாமல் இடையில் சேர்கிற வாக்கியம் எல்லாம் போக 300 சொல்லில் நிறுத்தச் சொன்னோம். எழுதியதை இரண்டு நாள் முன்னதாகப் பேச்சாளரிடம் போனில் வாசித்துக் காட்டி, "இதில் நாங்க சொல்லக்கூடாதது எது?" என்று கேட்க வேண்டும் என்பது கடைசி ஏற்பாடு.

அடுத்த கூட்டங்கள்

ஆகஸ்டில் பாலாறு பற்றி 50 நிமிடப் பேச்சு. பேசியவர் விவசாயி, தன் கிணற்று நீர்மட்டத்தைப் பல வருஷமாக நோட்டில் குறித்து வருபவர். அறிமுகம் எழுதியவர் முதலில் பாலாறு கர்நாடகத்தில் தொடங்கி ஆந்திரம் வழியாக வாணியம்பாடிப் பக்கம் வந்து சேர்வதை ஒரு பத்தி எழுதியிருந்தார். போனில் கேட்டதும் விவசாயி, "அதைத்தான் நான் முதல்ல வரைபடம் போட்டுக் காட்டப் போறேன், விட்டுடுங்க" என்றார். அந்தப் பத்தி போனது. அதற்குப் பதிலாக வந்தது இது: "2021 நவம்பரில் பாலத்தில் நின்று பாலாற்று வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறோம். அந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் தன் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று எழுதி வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான் எனக்குத் தெரியும்." இதைச் சொல்லிப் பெயரைச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அறிமுகம் 3 நிமிடம் 50 விநாடி, வரவேற்பையும் சேர்த்து ஏழு நிமிடம் சொச்சம். கேள்வி நேரம் முழு அரை மணி கிடைத்தது, முதல் கேள்வியே அந்த நோட்டைப் பற்றித்தான்.

செப்டம்பரில் எங்கள் கணக்கு தவறியது. ஒரு மாணவி, செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றி 12 நிமிடம். பத்தில் ஒரு பங்கு என்றால் 72 விநாடி. அறிமுகம் செய்தவர் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து 50 விநாடியில் முடித்தார்: பெயர், கல்லூரி, தலைப்பு. மாணவி எழுந்ததும் நடுகல் என்றால் என்ன, வட்டெழுத்து என்றால் என்ன, அவை எந்தக் காலத்துக் கற்கள் என்று விளக்கவே நாலரை நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவள் கண்டுபிடித்த விஷயத்துக்கு, அதாவது ஒரே வீரனின் பெயர் இரண்டு கற்களில் வேறுவேறாக எழுதப்பட்டிருப்பதைக் காட்டுவதற்கு, கடைசி மூன்று நிமிடம்தான் மிஞ்சியது. ஓட்டமாக ஓடினாள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இம்முறை கெடுத்தது எங்கள் விதி.

அதன்பிறகு பங்கைத் தலைகீழாக்கினோம். பேச்சு சின்னதாக ஆக ஆக அறிமுகத்தின் பங்கு கூட வேண்டும். 12 நிமிடப் பேச்சாளரால் தளம் போட நேரம் ஒதுக்க முடியாது, அதை அறிமுகம் செய்பவர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். இப்போது 10 முதல் 15 நிமிடப் பேச்சுக்கு இரண்டு நிமிடம் வரை தருகிறோம், அதாவது ஆறில் ஒரு பங்கு மாதிரி. 45 நிமிடத்துக்கு மூன்று முதல் நாலு. ஒன்றரை மணிக்கும் அதே நாலு. இந்த எண்களுக்குள் கூட்டிக் குறைப்பதை அரங்கத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். அரங்கத்துக்குப் பழகின ஆள், பழகின பொருள் என்றால் பாதி போதும். ஆளும் புதிது, பொருளும் புதிது என்றால் முழு அளவு. ஜூலைப் பேச்சில் பொருள் பழகினது, ஆள் மட்டும்தான் புதிது. இன்றைய கணக்குப்படி அதற்கு இரண்டரை நிமிடம் போதும், அந்த இரண்டரையும் ஆவணக் காப்பகத்தைப் பற்றி இருந்திருக்க வேண்டும்.

நவம்பரில் அந்த மாணவியையே மறுபடி பேச வைத்தோம். தமிழாசிரியர் அறிமுகம் செய்தார். ஒரு கல்லின் புகைப்படத்தைத் திரையில் காட்டி, "இது ஊரைக் காக்கப் போய் இறந்தவனுக்கு ஊர் வைத்த கல். இதில் இருப்பது வட்டெழுத்து, நம் எழுத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் புழங்கியது. இதைப் படிக்க இந்தப் பெண் ஒரு வருஷம் பழகியிருக்கிறாள். என்ன படித்தாள் என்பதை அவளே சொல்லட்டும்" என்று பேசி நிறுத்தினார். ஒரு நிமிடம் 55 விநாடி. அவள் முதல் வாக்கியத்திலேயே இரண்டு கற்களுக்கு வந்துவிட்டாள்.

இன்னும் சரிவராதது

டிசம்பர்க் கூட்டத்தின் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டார். அவர் மேடையேறி ஒன்பது நிமிடம் பேசினார், பேச்சாளரோடு தனக்கிருந்த பழைய நட்பைப் பற்றி. நிரலில் அவர் பெயருக்கு எதிரே நிமிடம் போடவில்லை, போட எனக்குத் துணிவு வரவில்லை. பணம் கொடுப்பவரிடம் 300 சொல் என்று எப்படிச் சொல்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. பேச்சுக்குப் பின்னால் அவரைப் பேச வைக்கலாம் என்பது என் யோசனை, கேள்வி நேரத்தை அது தின்றுவிடும் என்பது மற்றவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

போனில் வாசித்துக் காட்டும் ஏற்பாடும் சில சமயம் வேறு விதமாகப் போகிறது. ஒரு பேச்சாளர், விட்டுப்போன நாலு விருதுகளைச் சேர்க்கச் சொன்னார். மரியாதைக்காகச் சேர்த்தோம், அறிமுகம் ஐந்தரை நிமிடம் ஆனது. இப்போதெல்லாம் விருதுப் பட்டியலை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடுகிறோம், அங்கே இருக்கிறது என்று சொல்லிவிட முடிகிறது.

மறு ஜூலையில் அந்த வரலாற்றுப் பேராசிரியரை மறுபடி அழைத்தோம். போனில் அவரிடம் தமிழாசிரியரே பேசி, "போன தடவை நீங்க எடுத்துப் பின்னால செருகின ஆறு பக்கத்தையும் இந்தத் தடவை முதல்ல வையுங்க" என்று சொன்னாராம். அறிமுகம் 170 சொல், இரண்டு நிமிடம். பேச்சாளர் 6:04க்கு எழுந்தார். கையில் அதே தாள்கள், ஓரம் கொஞ்சம் மடங்கியிருந்தது.